பாட்டு ரெக்கார்டிங், மிக்ஸிங்குக்கு ஆள் தேடுறீங்களா? மீட்டர் பச்சையா இருக்குன்னு நம்பிப் பணம் கொடுக்காதீங்க

ஒரு மாதச் சம்பளம் போச்சு. முழுசா. அதற்குப் பதிலாக என் கையில் இருப்பது ஒரு பாட்டு. பல்லவியில் குரல் கிழிகிறது, சரணத்தில் குரலுக்குப் பின்னால் "ஸ்ஸ்" என்று இரைச்சல் ஓடுகிறது. "வேலை ஒப்படைக்கப்பட்டுவிட்டதால் உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று, ஆள் பிடித்த தளத்தில் இருந்து நேற்று இரவு பதில் வந்தது. இன்னும் கோபம் ஆறவில்லை. இன்னொருத்தர் இதே மாதிரி ஏமாறக்கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஆன்லைனில் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வகைத் தளம். இசை, வீடியோ, டிசைன் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கும். அங்கே ஒருத்தரைப் பிடித்தேன். சொந்தமாக ரெக்கார்டிங் அறை வைத்திருப்பவர். குரல் பதிவும் மிக்ஸிங்கும் சேர்த்து ஒரே தொகை பேசினோம். பாதி முன்பணம், மீதி குரல் பதிவு முடிந்ததும்.

பதிவன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாந்தது அங்கேதான். அவரிடம் தனியாக ஒரு பிரீஆம்ப் பெட்டி இருந்தது. அதில் இரண்டு குமிழ். முதல் குமிழ் இன்புட் கெயின், மைக்கில் இருந்து வருவதை ஏற்றுவது. இரண்டாவது அவுட்புட், ஏற்றியதை எவ்வளவு வெளியே அனுப்புவது என்பது. அவர் முதல் குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருப்பிவிட்டு இரண்டாவதை நன்றாக இறக்கி வைத்தார். "கெயினை ஏத்தினாத்தான் குரல்ல கனம் வரும் ப்ரோ" என்றார். பாடினது என் தோழி. பல்லவியில் உச்ச ஸ்தாயியில் நீட்டிப் பாடும் இடம் வந்ததும் ஹெட்போனில் கரகர என்று கேட்டது. உடனே நிறுத்தச் சொன்னேன்.

"அண்ணா, உடையுற மாதிரி இருக்கே?"

"அது ஹெட்போன் ப்ரோ. ஸ்க்ரீனைப் பாருங்க, மைனஸ் ஆறைத் தாண்டவே இல்ல. எல்லாம் பச்சை. சிவப்பு வந்தாத்தானே கிளிப்?"

ஸ்க்ரீனைப் பார்த்தேன். உண்மையிலேயே பச்சைதான். அந்த நிதானமான பேச்சும் அந்தப் பச்சை விளக்கும் போதுமாக இருந்தது. பதிவு முடிந்ததும் மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். ஒரு மாதச் சம்பளம் அந்த இடத்தில் முடிந்தது.

அந்தப் பச்சை ஏன் பொய் என்று சொல்கிறேன். கம்ப்யூட்டரில் தெரியும் மீட்டர், ஒலியை எண்களாக்கும் கன்வெர்ட்டருக்கு வந்து சேர்ந்த அளவை மட்டும்தான் காட்டும், பூஜ்ஜியம்தான் அதன் உச்ச எல்லை. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. குரல் முதல் குமிழிலேயே பிரீஆம்பின் தாங்கும் எல்லையை மீறி உச்சிகள் வெட்டுப்பட்டுவிட்டன. வெட்டுப்பட்ட அலையை இரண்டாவது குமிழ் அப்படியே சின்னதாக்கி அனுப்பியது. கன்வெர்ட்டருக்கு வந்தது அளவான, பத்திரமான, ஆனால் ஏற்கெனவே உடைந்த குரல். மீட்டருக்கு அது பச்சைதான். பல பிரீஆம்ப்களில் இதைக் காட்டவென்றே பெட்டியின் முகப்பில் தனியாக ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கும். அன்று எங்கள் கண்ணில் காட்டப்பட்டது கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் மட்டும்.

மிக்ஸ் வந்தது. கேட்டேன். பல்லவியில் நீட்டும் ஒவ்வொரு இடத்திலும் அதே கரகர. சரணத்தில் அவள் மூச்சு விடும் இடைவெளிகளில் எல்லாம் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். புகார் சொன்னதும் ஆரம்பித்தது பாருங்கள். முதலில் "வேற ஹெட்போன்ல கேளுங்க ப்ரோ." கேட்டேன், அதேதான். அப்புறம் "எம்பி3 ஆக்கினதால அப்படி." வேவ் ஃபைல் வாங்கினேன், அதேதான். அடுத்து "அது உடைசல் இல்ல, அனலாக் வார்ம்த்." அதற்கும் அடுத்து "மாஸ்டரிங்ல சரியாயிடும்", அதற்குத் தனிக் கட்டணமாம். கடைசியில் திருத்தின மிக்ஸ் என்று ஒன்று அனுப்பினார். குரலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை 6 டெசிபல் இறக்கியிருந்தார், அவ்வளவுதான். அதே உடைசல், கொஞ்சம் சத்தம் குறைவாக.

உடைசல் எங்கே நடந்ததோ அங்கேதான் சரிசெய்ய முடியும். ஃபேடர் இருப்பது, சாஃப்ட்வேருக்குள் ஒலியை மாற்றும் பிளக்இன்கள் எல்லாவற்றுக்கும் பிறகு. அதை இறக்கினால் முன்னால் இருக்கும் பிளக்இன்னுக்குள் போகும் அளவு ஒரு துளிகூட மாறாது, பதிவில் வெட்டுப்பட்டது திரும்பவும் வராது. இதைச் சொன்னால் "சாஃப்ட்வேர் உள்ள 32 பிட் ஃப்ளோட் ப்ரோ, அங்க கிளிப்பே ஆகாது" என்கிறார். இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. சாஃப்ட்வேருக்குள் ஒரு சேனல் பூஜ்ஜியத்தைத் தாண்டினாலும் பிறகு இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம், சரிதான். ஆனால் பிரீஆம்பில் உடைந்ததற்கும் அந்த ஃப்ளோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பழைய பெட்டிகளின் குணத்தை நகல் செய்யும் பிளக்இன்கள், ஃப்ளோட்டுக்குள்ளேயே ஓடினாலும், அதிகம் ஊட்டினால் வேண்டுமென்றே உடைக்கும். அதற்காகத்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள்.

சண்டை போட்டு, பதிவான ரா ஃபைலையும் மிக்ஸ் செய்த செஷனையும் வாங்கினேன். அதுவும் லேசில் தரவில்லை. திறந்து பல்லவியின் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆரோக்கியமான குரலில் ஒவ்வொரு உச்சியும் ஒவ்வொரு உயரத்தில், உருண்டையாக இருக்கும். இங்கே கத்தியால் சீவியது போலத் தட்டையான தலைகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில், மைனஸ் 6 பக்கத்தில். கன்வெர்ட்டரில் உடைந்திருந்தால் தட்டை பூஜ்ஜியத்தில் இருந்திருக்கும். யாரும் கைவைக்காத ரா ஃபைலில் பூஜ்ஜியத்துக்குக் கீழே தட்டை இருக்கிறதென்றால் அது அதற்கு முன்னாலேயே உடைந்தது. இந்தப் படத்தைத் தளத்துக்கும் அனுப்பினேன். "ஒலித்தரம் அவரவர் ரசனையைப் பொறுத்தது" என்று பதில் வந்தது. தட்டைத் தலை ரசனையா?

இரைச்சலின் கதை வேறு. சரணம் மெதுவாகப் பாடும் இடம். குமிழை யாரும் தொடவில்லை, அதனால் குரலின் உச்சி மைனஸ் 30 அளவிலேயே நின்றது. அதுகூடப் பெரிய குற்றம் இல்லை. 24 பிட்டில் பதிவு செய்திருக்கிறார், அறையின் அமைதி மைனஸ் 82-இல் இருந்தது, தேவையான இடம் இருந்தது. கெடுத்தது பிளக்இன் வரிசை. அந்தச் சின்னக் குரலை நேராக, பழைய டேப் ரெக்கார்டரை நகல் செய்யும் ஒரு டேப் பிளக்இன்னுக்குள் விட்டிருக்கிறார். அதில் டேப் இரைச்சலைச் சேர்க்கும் பட்டன் ஆனில். அந்த இரைச்சல் குரல் சின்னதா பெரிதா என்று பார்க்காது, எப்போதும் மைனஸ் 70 அளவில் சேர்ந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு சத்தமான இடங்களை அமுக்கும் கம்ப்ரஸர், அமுக்கியதை ஈடுகட்ட ஏற்றும் அதன் மேக்கப் கெயின், லிமிட்டர் எல்லாம் சேர்த்து 22 டெசிபல் ஏற்றல். குரல் இல்லாத இடைவெளியில் கம்ப்ரஸர் எதையும் அமுக்காது, ஆனால் மேக்கப் கெயின் மட்டும் அப்படியே ஏறும். ஆக டேப் இரைச்சல் மைனஸ் 48-க்கு வந்து காதில் உட்கார்ந்துவிட்டது. அறையின் இரைச்சல் அதே ஏற்றலில் மைனஸ் 60-இல்தான் இருந்தது. டேப் பிளக்இன்னை மட்டும் அணைத்தேன், மழை நின்றுவிட்டது. குற்றவாளி யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு நானே மாற்றிப் பார்த்தேன். 14 டெசிபல் ஏற்றலை டேப் பிளக்இன்னுக்கு முன்னால் கொண்டுபோனேன், பிறகு வருவதை 8 ஆகக் குறைத்தேன். மொத்த ஏற்றல் அதே 22. குரல் அதே சத்தம். டேப் இரைச்சல் மட்டும் மைனஸ் 62-க்கு இறங்கிவிட்டது. மிச்சம் இருப்பது அறையின் இரைச்சல். அதை எந்த வரிசையும் குறைக்காது, ஏனென்றால் அது குரலோடு சேர்ந்தே மைக்கில் வந்தது, மைக்கைக் கிட்டே வைத்திருந்தால்தான் குறைந்திருக்கும்.

பல்லவியில் இதே பிளக்இன் நேர்மாறாக அடிவாங்கியிருக்கிறது. இந்த மாதிரி பிளக்இன்களில் பல, சராசரி அளவு மைனஸ் 18 பக்கத்தில் வரும் என்று வைத்துச் செய்யப்பட்டவை. பல்லவியின் சராசரி மைனஸ் 10-க்கு மேல். பிளக்இன்னின் மீட்டர் முள் வலது கோடியை விட்டு இறங்கவே இல்லை. பிரீஆம்பில் உடைந்த குரல் இங்கே இரண்டாம் முறை உடைந்திருக்கிறது. பிளக்இன்னுக்கு முன்னால் ஒரு கெயின் வைத்து இறக்கியபோது இந்த இரண்டாவது உடைசல் போயிற்று. முதலாவது போகவில்லை, போகாது. கிளிப்பைச் சரிசெய்யும் பிளக்இன்னும் போட்டுப் பார்த்தேன். ஒரு நொடிப்பொழுது வெட்டுகளை அது யூகித்து வளைத்துவிடும். நீட்டிப் பிடித்த ஸ்வரம் முழுக்க வெட்டுப்பட்டிருந்தால் யூகிக்க எதுவும் மிச்சம் இல்லை. பல்லவியை மறுபடி பாட வேண்டும். அதற்கு அவர் கேட்கும் தொகை பழைய தொகையில் பாதி. ஒரு மாதச் சம்பளம் போனது போதாதாம்!

விவரமாக ஒரு வழிகாட்டி எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும். பாட்டின் மிகச் சத்தமான இடத்தைப் பாடவைத்து கெயின் வையுங்கள், உச்சி மைனஸ் 12-இல் இருந்து மைனஸ் 10-க்குள் நின்றால் போதும், "சூடா" பதிவு செய்யத் தேவையே இல்லை. பிரீஆம்பில் இரண்டு குமிழ் இருந்தால் முதல் குமிழ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேளுங்கள், பெட்டியின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். மைக் பிரீஆம்பில், உள்ளே வருவதைக் குறைக்கும் பேட் பட்டன் இருந்தால் சத்தமான குரலுக்கு அதைப் போடச் சொல்லுங்கள். ஹெட்போனில் உடைந்து கேட்டால் அங்கேயே நிறுத்தி, பதிவானதைக் குறைந்த சத்தத்தில் திரும்ப ஓட்டிக் கேளுங்கள். ஹெட்போன்தான் காரணம் என்றால் அந்தச் சத்தத்தில் கரகர இருக்காது. மிக்ஸில் ஒவ்வொரு பிளக்இன்னையும் அணைத்து, போட்டு, சத்த அளவு ஒன்றாகவே இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.

ரா ஃபைலைத் திறந்து அலையின் தலைகளைப் பார்க்காமல் மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். என் புகாரை மறுபடி திறக்கச் சொல்லி இன்று காலை எழுதியிருக்கிறேன், தானியங்கிப் பதில் மட்டும் வந்திருக்கிறது.