பேசி எழுதுதல், தட்டித் திருத்துதல்: நீண்ட கட்டுரைகளுக்கு நான் கைக்கொண்ட முறை

குரல் உள்ளீட்டால் உண்மையிலேயே நேரம் மிச்சமாகிறதா என்று எழுதும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். முதல் வரைவில் நிறைய மிச்சமாகிறது. திருத்தும்போது அதில் ஒரு பகுதி கைவிட்டுப் போகிறது. எவ்வளவு போகும் என்பது நாம் எப்படிப் பேசுகிறோம், எந்த விசைப்பலகையில் திருத்துகிறோம் என்ற இரண்டையும் பொறுத்தது. சில ஆண்டுகளாக நீர்நிலைகளைப் பற்றி நீண்ட கட்டுரைகள் எழுதிவருகிறேன். அவற்றை வைத்தே இதைச் சொல்கிறேன்.

ஒலியை வைத்துத் தட்டச்சு செய்யும் முறைகளில் இரண்டு வகை உண்டு. பலரும் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். முதலாவது விதிப்படி இயங்குவது. மேக்கிலேயே கிடைக்கும் முத்து நெடுமாறனின் அஞ்சல் விசைப்பலகை இவ்வகை. அதில் `mazai` என்றால் எப்போதும் மழை, `malai` என்றால் எப்போதும் மலை. `wanRi` என்று அடித்தால் நன்றி வரும். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது மாறாது. இரண்டாவது ஊகத்தால் இயங்குவது. நாம் `palli` என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் பள்ளி, பல்லி என்று பரிந்துரைகளை வரிசையாக நீட்டும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசியில் பெரும்பாலோர் பயன்படுத்துவது இதைத்தான்.

குறுஞ்செய்திக்கு ஊகமுறை போதும், சுகமானதும்கூட. ஆயிரம் சொற்களைத் தாண்டும் கட்டுரைக்கு அது என்னை மெதுவாக்குகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பார்வை பரிந்துரைப் பட்டைக்குப் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துபோகிறது. விதிமுறையில் ஷிப்ட் விசையுடன் L, R, N எங்கே வரும் என்று விரல்களுக்குப் பழகிவிட்டால் கண் வாக்கியத்தைவிட்டு அகல்வதில்லை. விசை எண்ணிக்கை மட்டும் பார்த்தால், தமிழ் எழுத்துகளையே விசைகளில் கொண்ட தமிழ்99 விசைப்பலகை இன்னும் சிக்கனமானது. ‘வருகிறது’ என்று எழுத அஞ்சலில் `varukiRathu` என 11 எழுத்துகள். தமிழ்99-இல் 8 விசைகள் போதும். புதிதாகக் கற்கத் தயாராக இருக்கும் இளைஞருக்கு நான் தமிழ்99-ஐயே சொல்வேன். ஏற்கெனவே ஆங்கில விசைப்பலகையில் கை பழகியவர் அஞ்சலில் சீக்கிரம் வேகம் பிடிப்பார்.

குரலுக்கு வருகிறேன். கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழ் உட்பட மேலும் 30 மொழிகளுக்குக் குரல் உள்ளீட்டை விரிவுபடுத்தியது. இன்று கைப்பேசி விசைப்பலகையின் மைக் சின்னத்தைத் தொட்டும் பேசலாம், கணினியில் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்தும் பேசலாம். மொழிப் பட்டியலில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்று தனித்தனியாக இருக்கும். தன் ஊர்ப் பேச்சுக்கு நெருக்கமானதைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை.

அடுத்தது, எழுத்துத் தமிழிலேயே பேச வேண்டும். ‘தண்ணி வந்துட்டு இருக்கு’ என்று சொன்னால் பெரும்பாலும் அப்படியேதான் எழுதப்படும். அதை ‘தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது’ என்று மாற்றுவதற்குள் நேராகத் தட்டச்சு செய்து முடித்திருக்கலாம். ‘வந்தான்’, ‘சொன்னேன்’ போன்ற சொற்களின் இறுதி னகரத்தைப் பேச்சில் நாம் மூக்கொலியாக்கி விழுங்கிவிடுகிறோம். கருவிக்கு ‘வந்தா’ என்றுதான் கேட்கும். வானொலிச் செய்தி வாசிப்பவரைப்போல ஈற்றெழுத்தை முழுமையாக உச்சரித்தால் இந்த ஒரு திருத்தமே பெருமளவு குறைகிறது. நடுவில் யோசிக்க நின்றால் கைப்பேசியில் மைக் அணைந்துவிடும் என்பதால், ஒரு பத்திக்கு வேண்டியதை மனத்தில் அடுக்கிக்கொண்டு, அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியை யோசிக்கிறேன். பேசும்போது திரையைப் பார்ப்பதில்லை. பார்த்தால் பிழை கண்ணில் படும், கை திருத்தப் போகும், பேச்சு நின்றுவிடும்.

நிறுத்தக்குறிகளைத் தமிழில் குரலால் இட முடியும் என்று நம்பி இறங்க வேண்டாம். நான் ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் ‘முற்றுப்புள்ளி’ என்று வாயால் சொல்கிறேன். அது சொல்லாகவே விழும். பிறகு மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். வீராணம் ஏரியைப் பற்றிய கட்டுரையின் ஒரு பகுதி, பேசி முடித்தவுடன் இப்படி இருந்தது:

‘வீராணம் ஏரியின் தண்ணீர் குழாய் வழியாக சென்னைக்கு போகிறது முற்றுப்புள்ளி மலை பெய்து ஏறி நிரம்பும் நாட்களில் கரையில் நின்று வயல்களை பார்க்க வேண்டும் முற்று புள்ளி’

இதை நோட்பேட்++ செயலியில் ஒட்டி, Ctrl+H அழுத்தி, தேடல் முறையாக Regular expression என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். தேடுமிடத்தில் இது:

```
 *முற்று(ப்)? *புள்ளி
```

மாற்றுமிடத்தில் ஒரு புள்ளி மட்டும். ‘ப்’ என்பதை அடைப்புக்குறிக்குள் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நம் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் ‘ப்’ கணினிக்கு ‘ப’ என்ற எழுத்தும் மேற்புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். அடைப்புக்குறி இல்லாமல் கேள்விக்குறியைப் போட்டால் அது மேற்புள்ளிக்கு மட்டுமே பொருந்தும். பகரம் இல்லாத ‘முற்று புள்ளி’ தப்பிவிடும். ‘சர்ச்சைக்கு முற்றுப்புள்ளி வைத்தார்’ போன்ற தொடர் கட்டுரையில் இருந்தால் அதையும் இந்தத் தேடல் விழுங்கும். எனவே அப்படியொரு தொடரைக் குரலில் சொல்லாமல், பின்னால் கையால் சேர்ப்பது நல்லது.

அடுத்தது ஒற்று. குரல் உள்ளீட்டில் அதிகமாக விடுபடுவது வல்லினம் மிகும் இடங்கள்தான். மேலே உள்ள பத்தியிலேயே ‘வழியாக சென்னைக்கு’, ‘சென்னைக்கு போகிறது’, ‘வயல்களை பார்க்க’ என்று மூன்று இடங்கள். ஐ உருபு, கு உருபு, ‘ஆக’ என்ற ஈறு ஆகிய மூன்றையும் அடுத்து வரும் க, ச, த, ப ஆகியவற்றையும் தேட:

```
தேடு:  (ை|க்கு|ற்கு|ாக) ([கசதப])
மாற்று: $1$2் $2
```

இதை மொத்தமாக மாற்றும் பொத்தானால் ஒருபோதும் செய்யக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்த்து, மிக வேண்டிய இடத்தில் மட்டும் மாற்ற வேண்டும். ‘கரையைத் தாண்டி’ என்பதில் ஒற்று வேண்டும். ‘கரை தெரிந்தது’ என்பதில் கரை எழுவாய், ஒற்று வராது. இந்தத் தேடல் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். இலக்கணம் தெரிந்த கண்தான் பிரித்தறிய வேண்டும். அப்படியிருந்தும், முழுக் கட்டுரையையும் ஒற்றுக்காக ஒருமுறை வாசிப்பதைவிட இது பல மடங்கு விரைவு.

இவ்வளவுக்குப் பிறகும் பத்தியில் ‘மலை பெய்து ஏறி நிரம்பும்’ அப்படியே இருக்கிறது. குரல் உள்ளீட்டில் எனக்கு உண்மையான அச்சம் இதுதான். கையால் தட்டும்போது விரல் தவறினால் ‘வருகிறதி’ என்பதுபோலப் பொருளற்ற ஒரு சொல் வரும். உடனே கண்ணை உறுத்தும், சொற்பிழை திருத்தியும் கோடிட்டுக் காட்டும். குரலும் ஊகவிசையும் தரும் பிழையோ அகராதியில் உள்ள நல்ல சொல்லாகவே வருகிறது. மலையும் சரியான சொல், ஏறியும் சரியான சொல். எந்தத் திருத்தியும் கோடு போடாது. வாய்விட்டு வாசித்தாலும் ஏரி, ஏறி போன்ற இணைகள் சிக்குவதில்லை. நம்மில் பெரும்பாலோர் பேச்சில் ரகரத்தையும் றகரத்தையும் பிரிப்பதில்லை. கணினியை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாலும் இதே கதைதான். விடுபட்ட சொல்லையும் இரட்டித்த சொல்லையும் காது பிடிக்கும். எழுத்து மயக்கத்தைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மயக்கச்சொல் பட்டியல் வைத்திருக்கிறேன். நீர்நிலைக் கட்டுரை என்றால் ஏரி, ஏறி, மழை, மலை, குளம், குலம், வெள்ளம், வெல்லம், கரை, கறை. ஒவ்வொரு இணையிலும் அந்தக் கட்டுரையில் வர வாய்ப்பில்லாத சொல்லைத் தேடுகிறேன். ஏரிக் கட்டுரையில் ‘வெல்லம்’ ஒன்று அகப்பட்டாலும் அது பிழையாகத்தான் இருக்கும். இரண்டுமே வரக்கூடிய ‘ஏறி’யை மட்டும் ஒவ்வோரிடத்திலும் நிறுத்தி வாசிக்க வேண்டும். சமையல் பற்றி எழுதுபவருக்கு கரி, கறி, அரை, அறை முக்கியமாகும். அலுவலகம் பற்றி எழுதுபவர் பணி, பனி இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். பட்டியலைத் தன் பிழைகளிலிருந்தே தொகுக்க வேண்டும். பிறர் பட்டியல் பாதிதான் உதவும்.

இந்தக் கட்டத்தில்தான் விதிமுறை விசைப்பலகையின் அருமை புரிகிறது. ‘ஏறி’யை ‘ஏரி’யாக்க வேண்டியிருக்கும்போது ஊகவிசை மறுபடியும் ஓர் ஊகத்தையே தரும், பிழையைக் கொடுத்த முறையிடமே திருத்தத்தையும் கேட்பதுபோல ஆகிவிடும். அஞ்சலில் `eeri` என்றால் ஏரி, `eeRi` என்றால் ஏறி. சந்தேகத்துக்கு இடமில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பகுதி: ‘வீராணம் ஏரியின் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. மழை பெய்து ஏரி நிரம்பும் நாட்களில் கரையில் நின்று வயல்களைப் பார்க்க வேண்டும்.’

சிலவற்றைக் குரலிடம் கொடுப்பதே இல்லை. மதகு, கலிங்கு, மறுகால் போன்ற துறைச்சொற்கள் அடர்ந்து வரும் பத்திகளைக் கையால்தான் அடிக்கிறேன். மறுகால் ‘மறு கால்’ என்று பிரிந்து விழுவதையும் கலிங்கு வேறொரு சொல்லாவதையும் திருத்திக்கொண்டிருப்பதைவிட அது எளிது. சிற்றூர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் அப்படியே. ஒரே பெயர் ஒரு கட்டுரையில் பலமுறை வருமானால், பேசும்போது அதற்குப் பதிலாக வேறெங்கும் வராத ஓர் எளிய சொல்லைச் சொல்லிவைத்து, பிறகு மொத்தமாக மாற்றிவிடலாம். கல்வெட்டு வரியையோ செய்யுளையோ மேற்கோள் காட்டும்போது குரலை அணைத்துவிடுகிறேன். பழந்தமிழ்ச் சொற்களைக் கருவி தனக்குத் தெரிந்த இன்றைய சொற்களாக மாற்றிவிடும். மேற்கோள் என்பதால் வாசகர் அதை மூலமென்றே நம்பிவிடுவார். அங்கே மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக அடித்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.