தவகல் → தகவல்: வெறும் லெவன்ஷ்டைனா, இடமாற்றமும் சேர்த்த டேமராவா?

"தகவல்"னு அடிக்கப் போய் விரல் முந்திக்கிட்டு "தவகல்"னு விழுந்துடுச்சுன்னு வைங்க. லெவன்ஷ்டைன் முறையில ஒரு வார்த்தையை இன்னொண்ணா மாத்த எழுத்தைச் சேர்க்கலாம், நீக்கலாம், ஒண்ணுக்கு பதில் இன்னொண்ணு வைக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் செலவு 1, ஆகக் குறைஞ்ச மொத்தச் செலவுதான் ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம். டேபிள் போட்டா இப்படி வரும்:

```
      -  த  க  வ  ல்
-     0  1  2  3  4
த     1  0  1  2  3
வ     2  1  1  1  2
க     3  2  1  2  2
ல்    4  3  2  2  2
```

ஒவ்வொரு கட்டமும் மேல, இடது, மூலை இந்த மூணுலயும் செலவைக் கூட்டிப் பார்த்து குறைஞ்சதை எடுக்குது, எழுத்து ஒண்ணா இருந்தா மூலைக்கு மட்டும் செலவு இல்ல, கடைசி கட்டத்துல 2. ஆனா "தவழல்"ங்கிற வார்த்தையும் அகராதியில இருந்தா அதுக்கு தூரம் வெறும் 1 தான், க-வை ழ ஆக்கினா போதும். அதனால எழுத்துப்பிழை திருத்துற கரெக்டர் தவழல்னு சொல்லும், படிக்கிறவன் தலையில அடிச்சுக்குவான்.

டேமராவ் வகையில (நான் சொல்றது எளிமையான வடிவம்) பக்கத்து எழுத்து ரெண்டு இடம் மாறினதையும் ஒரே தப்பா எண்ணுவாங்க. 1964-லேயே டேமராவ் சொன்னது, எழுத்துப்பிழைல சுமார் 80 சதவீதம் இந்த நாலு வகைல ஏதோ ஒண்ணு, அதுவும் ஒரே ஒரு தடவை நடந்ததுதான்னு. கோட்ல கூடுதலா வர்றது இவ்ளோதான்:

```python
if i>1 and j>1 and a[i-1]==b[j-2] and a[i-2]==b[j-1]:
    d[i][j] = min(d[i][j], d[i-2][j-2] + 1)
```

இப்போ க வரிசை, வ பத்தியில இருக்கிற 2, ரெண்டு கட்டம் மேல மூலையில இருக்கிற 0-ஐப் பார்த்து 1 ஆயிடும், கடைசி கட்டமும் 1. தவழலும் 1, தகவலும் 1, சமம். அப்புறம் எது அதிகமா புழங்குற வார்த்தைன்னு பார்த்தா தகவல் ஜெயிச்சுடும். தூரம் மட்டுமே இதை முடிவு பண்ணலங்கிறதையும் கவனிங்க.

இங்கதான் நம்ம மொழிக்குன்னு ஒரு குழி இருக்கு. டேபிள்ல எழுத்து வாரியா போடணும், யூனிகோட் குறியீடு வாரியா போட்டா "கவிதை", "கதைவி" ரெண்டுக்கும் நடுவுல தூரம் 4 வந்து நிக்கும், ஏன்னா வ, ி, த, ை தனித்தனியா உக்காந்திருக்கும், இடமாற்ற விதி பொருந்தவே பொருந்தாது. எழுத்தா வெட்டிட்டுப் போட்டா 1.

டேமராவ்ல குறை இல்லாம இல்ல. நினைவுல முந்தின ரெண்டு வரிசையையும் வெச்சிருக்கணும், லெவன்ஷ்டைனுக்கு ஒண்ணே போதும். இன்னும் மோசமா, இந்த எளிய வடிவத்துல CA-லேர்ந்து AC 1, AC-லேர்ந்து ABC 1, ஆனா CA-லேர்ந்து நேரா ABC 3! நேரா போற தூரம் சுத்திப் போறதை விட அதிகமா இருக்கக் கூடாதுங்கிற முக்கோண விதி உடையுது, அதனால அகராதி வார்த்தைகளை தூரத்தை வெச்சு அடுக்கி அந்த விதியை நம்பி தேடுற BK-மரத்துல இதைப் போட்டா சில வார்த்தை சத்தமில்லாம விட்டுப்போகும்.

ஸ்கேன் பண்ண பக்கத்துலேர்ந்து எடுத்த டெக்ஸ்ட்னாலோ, ல-ள-ழ குழப்பம்தான் பிரச்சனைன்னாலோ லெவன்ஷ்டைனே போதும், அங்க யாரும் எழுத்தை இடம் மாத்தறதில்ல. விரலால அடிச்சதுன்னா நான் டேமராவ்தான் போடுவேன்.