கோன்குன்யாதோவா, சகலையா: குடும்ப மரத்தை எந்த மொழியில் எழுதுவது?

என் தங்கை மணந்தவர் ஸ்பெயினின் வலென்சியாக்காரர். அவர்கள் மகளுக்காக இரண்டு பக்கத்து உறவுகளையும் ஒரே தாளில் வரைந்து கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. பெயர்களை எழுதுவது எளிது. பெயருக்குக் கீழே உறவைத் தமிழில் எழுதுவதா, ஸ்பானியத்தில் எழுதுவதா என்பதுதான் கேள்வி. இரண்டிலும் முழுதாக எழுதிப் பார்த்துவிட்டுத் தமிழைத் தேர்ந்தேன். அதற்கான காரணம் பலரும் முதலில் சொல்லும் காரணம் இல்லை.

பலரும் முதலில் சொல்வது மூத்தவர், இளையவர் வேறுபாடு. எர்மானோ என்றால் அண்ணனும்தான், தம்பியும்தான். தீயோ என்றால் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும். இதை நீட்ட வேண்டியதில்லை. ஆனால் இதில் தமிழுக்கு ஒரு செலவும் இருக்கிறது. ஸ்பானிய மரத்தை யார் வயதையும் கேட்காமல் வரைந்துவிடலாம். தமிழில் ஒவ்வொருவரின் பிறந்த ஆண்டும் தெரியாமல் பேனாவைத் தாளில் வைக்க முடியாது.

மாமனார், மாமியார் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. சுவேக்ரோ, சுவேக்ரா, யெர்னோ, நுவேரா என்று மாமனார், மாமியார், மருமகன், மருமகள் நால்வருக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இல்லாத ஒன்றும் ஸ்பானியத்தில் உண்டு: கோன்சுவேக்ரோ. அது அப்படியே நம் சம்பந்திதான். வித்தியாசம் கூப்பிடும்போது தெரியும். ஸ்பெயினில் மருமகள் பெரும்பாலும் மாமியாரைப் பெயர் சொல்லித்தான் அழைப்பாள். நம் மருமகள் ‘அத்தை’ என்பாள். அப்பாவின் கூடப்பிறந்தவளுக்கும் அதே சொல். திருமணத்தால் வந்த உறவை ஸ்பானியம் ‘பொலீத்திகோ’ என்ற அடைமொழி போட்டுத் தனியே நிறுத்தும். ஒன்றுவிட்ட சகோதரியின் கணவர் ப்ரிமோ பொலீத்திகோ, அத்தையின் கணவர் தீயோ பொலீத்திகோ. தமிழில் அந்த வேலி கிடையாது. அத்தை கணவர் மாமா, அம்மாவின் தம்பியும் மாமா, மாமனாரும் மாமா.

இனி ப்ரிமோ. அப்பா அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் பெற்ற பிள்ளைகள் அனைவரும் ப்ரிமோ, ப்ரிமா. நெருக்கம் காட்ட வேண்டுமானால் ப்ரிமோ எர்மானோ என்பார்கள். அவர்களின் பிள்ளைகள் தங்களுக்குள் ப்ரிமோ செகுந்தோ. ஸ்பானியம் இங்கே தூரத்தை அளக்கிறது. தமிழ் அளப்பது தூரத்தை இல்லை, பக்கத்தை. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா, சித்தி பிள்ளைகளும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. மாமா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் மச்சான், மதினி, முறைப்பெண், முறைமாப்பிள்ளை. அப்பாவும் அவர் கூடப்பிறந்தவரும் ஒரே பாலாக இருந்தால், அல்லது அம்மாவும் அவர் கூடப்பிறந்தவரும் ஒரே பாலாக இருந்தால், பிள்ளைகள் பங்காளி வரிசை. பால் மாறினால் பிள்ளைகள் சம்பந்த வரிசை. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே மற்ற உறவுகளையும் வரிசையாகக் கண்டுபிடித்துவிடலாம்.

ஓர் ஆணை நடுவில் வைத்துப் பார்ப்போம். அவனுக்குச் சித்தப்பா மகள் ஒருத்தி, மாமா மகள் ஒருத்தி. ஸ்பானியத்தில் இருவரும் ப்ரிமா எர்மானா. இருவரின் கணவர்களும் ப்ரிமோ பொலீத்திகோ. இருவரின் பிள்ளைகளும் சொப்ரீனோ செகுந்தோ. ஒன்றுக்கொன்று எந்த வித்தியாசமும் இல்லை. தமிழில் சித்தப்பா மகள் தங்கை, அவள் கணவன் மாப்பிள்ளை அல்லது மச்சான், அவள் பிள்ளைகள் மருமகனும் மருமகளும். மாமா மகளோ முறைப்பெண். அவளை வேறொருவர் கட்டிக்கொண்டால் அவர் அண்ணன் முறையோ தம்பி முறையோ ஆகிவிடுவார், பிள்ளைகள் இவனுக்கு மகன், மகள் முறை. ஒரு படியில் பிரிந்த கோடு கணவர்கள், பிள்ளைகள் வரை பிரிந்தே போகிறது.

என்னைத் தமிழ்ப் பக்கம் சாய்த்தது ப்ரிமோகூட இல்லை. கோன்குன்யாதோ என்ற சொல்தான்.

குன்யாதோ என்றால் மனைவியின் அண்ணன் தம்பி, கணவனின் அண்ணன் தம்பி, அக்கா தங்கையின் கணவர் எல்லாரும். நாம் மைத்துனர், கொழுந்தன், அத்தான், மாப்பிள்ளை என்று பிரிப்பதை அது ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. அதற்கு அடுத்த வட்டம் கோன்குன்யாதோ. ஸ்பானிய அகராதி இதற்கு இரண்டு பொருள் சொல்கிறது. ஒன்று, நம் கணவன் அல்லது மனைவியின் கூடப்பிறந்தவர்களை மணந்தவர்கள். இன்னொன்று, நம் கூடப்பிறந்தவர் மணந்தவரின் கூடப்பிறந்தவர்கள்.

முதல் பொருளில் நான்கு இடங்கள் வரும். ஆணுக்கு, மனைவியின் தங்கையைக் கட்டியவர், மனைவியின் தம்பியைக் கட்டியவள். பெண்ணுக்கு, கணவனின் தம்பியைக் கட்டியவள், கணவனின் தங்கையைக் கட்டியவர். தமிழில் முதலாமவர் சகலை, மூன்றாமவள் ஓரகத்தி. மற்ற இருவருக்கும் தனிச்சொல் இல்லை, முறைதான் உண்டு. மைத்துனன் மனைவி தங்கை முறை. நாத்தனார் கணவர் அண்ணன் முறை. எங்கள் பக்கம் பெண்கள் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்கள். சகலையும் உண்மையில் அண்ணன் தம்பி முறைதான், ஓரகத்தியும் அக்கா தங்கை முறைதான். ஆக நான்கு இடமும் உடன்பிறப்பில் போய் நிற்கின்றன.

இரண்டாவது பொருள் இதற்கு நேர் எதிர்த் திசை. என் அண்ணன் மனைவியின் தம்பி எனக்கு மச்சான். அவளுடைய தங்கை எனக்குக் கொழுந்தியாள் முறை, கட்டிக்கொள்ளலாம். அண்ணனும் தம்பியும் ஒரு வீட்டில் அக்காவையும் தங்கையையும் எடுத்த குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. தமிழ் உடன்பிறப்பு என்று நிறுத்துகிற ஆளையும், பெண் கேட்டுப் போகலாம் என்று சொல்கிற ஆளையும் ஸ்பானியம் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

இதை எங்கள் தாளிலேயே சோதித்தேன். தங்கையின் கணவருக்கு ஓர் அக்கா, ஒரு தம்பி, இருவருக்கும் மணமாகிவிட்டது. அக்கா கணவர் என் தங்கைக்கு நாத்தனார் கணவர், எனவே அண்ணன் முறை. தங்கைக்கு அண்ணன் என்றால் எனக்கும் உடன்பிறப்பு முறையாக வர வேண்டும். வேறு வழியில் போய்ப் பார்த்தேன். தங்கை கணவரின் அக்கா எனக்கு மதினி முறை. மதினியைக் கட்டியவர் எனக்கு அண்ணன். சரியாக வந்து பொருந்துகிறது. தம்பியின் மனைவி தங்கைக்கு ஓரகத்தி, அதாவது அக்கா தங்கை முறை. எனக்கும் அவள் தங்கைதான். ஸ்பானியத்தில் தங்கைக்கு இந்த இருவரும் கோன்குன்யாதோ, கோன்குன்யாதா என்று சொல்லிவிடலாம். எனக்கு அவர்கள் யார் என்று கேட்டால் சொல்லே இல்லை, ‘என் தங்கை கணவரின் அக்கா கணவர்’ என்று நீட்ட வேண்டியதுதான். தமிழ் மரத்தில் பெயர் இல்லாத ஆள் யாரும் மிஞ்சவில்லை. தாள் முழுக்க இப்படி இரண்டு வழியில் போய்ச் சரிபார்க்க முடிந்தது. எங்காவது இரண்டு விடை வந்தால் ஏதோ ஒரு திருமணத்தைத் தவறாக வரைந்திருக்கிறேன் என்று பொருள். நெருங்கிய சொந்தத்துக்குள் மணம் முடித்த நம் பக்கத்தில் மட்டும் ஒருவருக்கே இரண்டு முறை உண்மையாகவே வரும். அங்கே வீட்டில் எப்படி அழைக்கிறார்களோ அதையே எழுதினேன்.

ஸ்பானிய முறைக்கு மூலமான இலத்தீனில் இந்தப் பக்கக் கணக்கு ஓரளவு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவின் சகோதரன் பத்ரூஸ், அம்மாவின் சகோதரன் அவுன்குலுஸ். அத்தைக்கு அமிதா, அம்மாவின் சகோதரிக்கு மாத்தேர்தேரா. கணவனின் சகோதரனுக்கு லேவிர், கணவனின் சகோதரிக்கு க்ளோஸ். ஸ்பானியம் இவற்றை விட்டுவிட்டு, கிரேக்கத்திலிருந்து வந்த ஒரு சொல்லைத் தீயோ ஆக்கிக்கொண்டது. குன்யாதோவின் மூலமான ‘கோக்னாதுஸ்’ இரத்த உறவுக்காரரைக் குறித்த சொல், இன்று அது திருமண உறவுக்குப் போய்விட்டது.

ஸ்பானிய முறை ஜெயிக்கிற இடம் சட்டம். அங்கே உறவு எண்ணால் அளக்கப்படுகிறது. பொது மூதாதை வரை ஏறி, மறுபக்கம் இறங்கி, படிகளை எண்ண வேண்டும். உடன்பிறப்பு 2, தீயோ 3, ப்ரிமோ எர்மானோ 4. உயில் இல்லாமல் ஒருவர் இறந்து, நெருங்கிய வாரிசும் இல்லை என்றால், ஸ்பெயினின் பொதுக் குடிமைச் சட்டப்படி பக்கவாட்டு உறவுக்குச் சொத்துப் போவது 4 வரைதான். ப்ரிமோ எர்மானோ கடைசி எல்லை, ப்ரிமோ செகுந்தோவுக்குப் பங்கில்லை. சாவுக்கு வேலையிடம் தரும் விடுப்பும் திருமண உறவு உட்பட 2 வரைதான். எனவே குன்யாதோவுக்கு உண்டு, தீயோவுக்கு இல்லை. தமிழில் ‘அண்ணன்’ என்று மட்டும் எழுதினால் அவர் ஒரே வயிற்றில் பிறந்தவரா, சித்தப்பா மகனா, அதற்கும் தள்ளியவரா என்று தெரியாது. ‘ஒன்றுவிட்ட’ என்று சேர்க்கலாம், ஆனால் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை.

திருமணத் தடையில் இரண்டு கணக்கும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ஸ்பெயினில் 3 வரை தடை, 4-இல் தடையில்லை. எனவே ப்ரிமோ யாராக இருந்தாலும் மணக்கலாம், மாமனும் அக்கா மகளும் மணக்க நீதிபதியின் விலக்கு வேண்டும். தமிழ் வழக்கில் 4-இல் பாதிப்பேர் உடன்பிறப்பு, தொடக்கூடாது. பல சாதிகளில் 3-இல் உள்ள தாய்மாமன் மணக்கும் முறை. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் வழக்கம் இருந்தால் இதை அனுமதிக்கிறது. மரபணு கணக்கில் சித்தப்பா மகளும் மாமா மகளும் சராசரியாக ஒரே அளவு நெருக்கம்தான். தமிழ்ச் சொற்கள் பிரிப்பது குடும்பங்களுக்கிடையே பெண் கொடுத்து எடுக்கும் பாதையை. இரத்த நெருக்கத்தை அறிய அவற்றை நம்பக் கூடாது.

நான் எழுதிய சொற்கள் தென்மாவட்டத்தவை. மதினி சில ஊர்களில் அண்ணி, யாழ்ப்பாணத்தில் மச்சாள். சொல் மாறினாலும் கணக்கு மாறாது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் சித்தப்பா மகளை மணக்கத் தடையில்லாததால் அங்கே இந்தக் கணக்கைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். ஸ்பானியப் பக்கம் எனக்குப் பழக்கம் வலென்சியா வீடுதான். மெக்சிகோவில் கோன்குன்யோ என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

கடைசியில் தாளில் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் தமிழ் முறையை மையில் எழுதி, ஓரத்தில் ஸ்பானியப் படி எண்ணைப் பென்சிலில் போட்டேன். கோன்குன்யாதோக்களுக்கு எதிரே பென்சில் எண் இல்லை. சட்டம் அவர்களைப் பொதுவாக உறவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.