கோப் வினையில் சமநிலை எந்தப் பக்கம் சாயும்: மெத்தில், சிறுவளையம், ஹைட்ராக்சில் ஓர் ஒப்பீடு

எனக்கு வேண்டியிருந்தது ஒரு பத்துக் கார்பன் வளையக் கீட்டோன். அதைக் கோப் வினை வழியாகச் செய்யலாம் என்று முடிவெடுத்த பிறகு, 1,5-டையீனின் எந்த வடிவத்தை எடுப்பது என்ற கேள்வி வந்தது. நான் கடைசியில் மூன்றாவது கார்பனில் ஹைட்ராக்சில் இருக்கும் டையீனைத்தான் எடுத்தேன், இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன், அதனால் இந்த ஒப்பீட்டில் அதற்கு இடம் அதிகம் போகும்.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே இரண்டு நிறைவுற்ற கார்பன்கள் இருந்தால், சூடேற்றும்போது 3-க்கும் 4-க்கும் இடையிலுள்ள ஒற்றைப் பிணைப்பு உடைந்து, அதே சமயத்தில் 1-க்கும் 6-க்கும் இடையே புதிது உருவாகும், இரட்டைப் பிணைப்புகள் இரண்டும் ஒரு இடம் நகரும். ஆர்தர் கோப்பும் எலிசபெத் ஹார்டியும் 1940-ல் வெளியிட்ட வினை, [3,3] சிக்மாட்ரோபிக் இடப்பெயர்ச்சி. வெறும் 1,5-ஹெக்சாடையீனில் இது நடந்தாலும் வெளியே தெரியாது, ஏனென்றால் கிடைப்பதும் அதே மூலக்கூறுதான். டியூட்டீரியம் வைத்துக் குறித்தால்தான் நகர்ந்தது தெரியும். அங்கே தடை ஒரு மோலுக்கு 34 கிலோகலோரிக்குப் பக்கத்தில், ஆகவே 200 டிகிரியைத் தாண்டிச் சூடு வேண்டும்.

முக்கியம் என்னவென்றால், இது மீளும் வினை. உடைவது ஒரு ஒற்றைப் பிணைப்பு, உருவாவதும் ஒரு ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையும் மாறவில்லை. அதனால் எந்த மாற்றியம் ஜெயிக்கும் என்பதைச் சின்னச் சின்ன ஆற்றல் வித்தியாசங்கள்தான் தீர்மானிக்கும். எத்தனை மணி நேரம் சூடேற்றினாலும் சமநிலை விகிதத்தைத் தாண்டிப் போகாது. விளைச்சல் குறைவாக வந்தால் சூட்டைக் கூட்டுவதற்கு முன்னால் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

முதல் தேர்வு, சாதாரணமாக ஒரு ஆல்கைல் அல்லது பீனைல் குழுவை மூன்றாவது கார்பனில் வைப்பது. 3-மெத்தில்-1,5-ஹெக்சாடையீன் சூட்டில் 1,5-ஹெப்டாடையீன் ஆகிறது, அதாவது முனையில் இருந்த ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ளே வந்து இன்னொரு கார்பன் குழுவைப் பெறுகிறது. இதன் மதிப்பை ஹைட்ரஜனேற்ற வெப்பத்திலிருந்து எடுக்கலாம்: 1-பியூட்டீனுக்கு 30.3, ட்ரான்ஸ்-2-பியூட்டீனுக்கு 27.6 கிலோகலோரி, ஆக லாபம் சுமார் 2.7. 225 டிகிரியில் RT கிட்டத்தட்ட 1 கிலோகலோரி, எனவே சமநிலை மாறிலி 15 பக்கம், அதாவது நூற்றுக்கு 94. பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் மிச்ச 6-ஐப் பிரித்தெடுக்கவும் வேண்டும், இரண்டும் ஒரே எடையுள்ள ஹைட்ரோகார்பன்கள். 3,4-டைமெத்தில் எடுத்தால் லாபம் இரட்டிப்பாகும், மாறிலி 200-க்கு மேல் போகும். டோரிங்கும் ராத்தும் 1962-ல் செய்த புகழ்பெற்ற சோதனை இந்தச் சேர்மத்தில்தான். மீசோ வடிவத்திலிருந்து கிட்டத்தட்ட முழுக்கச் சிஸ்-ட்ரான்ஸ் 2,6-ஆக்டாடையீன் வந்தது, நாற்காலி வடிவப் பாதைக்கு அதுவே சாட்சி. மீசோவிலிருந்து ட்ரான்ஸ்-ட்ரான்ஸ் வேண்டும் என்று எதிர்பார்த்தால் நாற்காலிப் பாதை அங்கே கொண்டுபோகாது, அது இன்னும் நிலையானதாக இருந்தாலும் சரி. பாதை இணைத்து வைக்கும் மாற்றியங்களுக்குள் மட்டும்தான் சமநிலையைப் பற்றிப் பேச முடியும்.

பீனைலோ சயனோவோ எஸ்டரோ மூன்றாவது கார்பனில் இருந்தால் லாபம் இன்னும் கூடும், புதிய இரட்டைப் பிணைப்பு அதோடு கான்ஜுகேஷனில் சேர்ந்துகொள்ளும். கோப்பின் முதல் சேர்மங்களிலும் சயனோவும் எஸ்டரும் ஒரே கார்பனில் இருந்தன. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பீனைலை 2-ல் வைத்தால் சமநிலைக்கு எந்தப் பலனும் இல்லை. 2-ல் உள்ள குழு வினைக்குப் பிறகும் 2-லேயே இருக்கும், இரு பக்கமும் ஒரே மூலக்கூறு. தடை மட்டும் குறையும். வேகத்தையும் சமநிலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு இந்த இடத்தில் குழுவை மாட்டுவோர் உண்டு, வினை வேகமாக ஓடி எங்கும் போகாமல் நிற்கும்.

இரண்டாவது தேர்வு, வளைய இறுக்கத்தை விட்டுவிடச் செய்வது. சிஸ்-1,2-டைவினைல்சைக்ளோப்ரோப்பேன் அறை வெப்பத்திலேயே 1,4-சைக்ளோஹெப்டாடையீன் ஆகிவிடும், குளிர்ச்சியில் கையாள வேண்டிய பொருள் அது. ட்ரான்ஸ் மாற்றியத்துக்கோ சுமார் 190 டிகிரி வேண்டும், ஏனென்றால் முதலில் மூன்று கார்பன் வளையம் திறந்து சிஸ் ஆக மாற வேண்டியிருக்கிறது. நான்கு கார்பன் வளையத்தில் சிஸ்-டைவினைல்சைக்ளோபியூட்டேன் 120 டிகிரியில் 1,5-சைக்ளோஆக்டாடையீன் தரும். இரண்டிலும் 26, 27 கிலோகலோரி இறுக்கம் கிடைப்பதால் திரும்பி வரும் பேச்சே இல்லை. சிறு வளையங்களை நான் கையால் அதிகம் செய்ததில்லை, படித்ததை வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் கணக்கு தெளிவாக இருக்கிறது.

ஐந்துக்குப் போனதும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஐந்து கார்பன் வளையத்தில் இறுக்கம் 6 கிலோகலோரி அளவுதான், ஒன்பது கார்பன் வளையம் அதைவிட அசௌகரியமானது, ஆகவே 1,5-சைக்ளோநோனாடையீன் சூட்டில் டைவினைல்சைக்ளோபென்டேனாக மாறுகிறது. ஆறில் இன்னும் தெளிவு: 1,5-சைக்ளோடெக்காடையீன் டைவினைல்சைக்ளோஹெக்சேன் ஆகிறது. கவனியுங்கள், இரட்டைப் பிணைப்புகளை மட்டும் பார்த்தால் பெரிய வளையம்தான் ஜெயிக்க வேண்டும், இரண்டுமே உள்ளே இருப்பதால் 5.4 கிலோகலோரி லாபம். ஆனால் பத்துக் கார்பன் வளையத்தில் எதிர்ப்புற ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று இடிக்கும், ஆறு கார்பன் நாற்காலியில் இறுக்கம் கிட்டத்தட்ட இல்லை, அப்புறம் வினைல் குழுக்கள் சுதந்திரமாகச் சுழலலாம் என்பதால் என்ட்ரோபியும் சூட்டில் அந்தப் பக்கமே தள்ளும்.

தாவர எண்ணெய்களைப் பகுப்பாய்வு செய்பவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. ஜெர்மாக்ரீன் வகைச் சேர்மங்கள் பத்துக் கார்பன் டையீன்கள். வாயு நிறப்பகுப்பியின் சூடான உட்செலுத்தும் பகுதியிலேயே அவை எலிமீன்களாக மாறிவிடும், எண்ணெயில் எலிமீன் இருந்ததாகவே வரைபடம் காட்டும். கண்டுபிடிக்க வழி சுலபம்: உட்செலுத்தும் வெப்பத்தைக் குறைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள், எலிமீன் உச்சி சிறுத்து ஜெர்மாக்ரீன் உச்சி வளர்ந்தால் அது கருவிக்குள் நடந்த கோப் வினை.

ஆக எனக்கு வேண்டிய பத்துக் கார்பன் வளையம் சமநிலையில் தோற்கும் பக்கத்தில் இருந்தது. இங்கேதான் மூன்றாவது தேர்வு, ஹைட்ராக்சில். அதே டைவினைல்சைக்ளோஹெக்சேனில், ஒரு வினைல் இருக்கும் வளையக் கார்பனில் ஹைட்ராக்சில் ஒன்றைச் சேர்த்து 1,2-டைவினைல்சைக்ளோஹெக்சனால் ஆக்கினால், சூட்டில் அது சைக்ளோடெக்-5-ஈனோன் ஆகிறது. திசையே மாறிவிடுகிறது. காரணம், உடனே உருவாகும் பொருள் ஒரு ஈனால், அதில் இரட்டைப் பிணைப்பும் ஹைட்ராக்சிலும் ஒரே கார்பனில் நிற்கும், அது தானாகவே கீட்டோனாகிவிடும். ஈனாலைவிடக் கீட்டோன் சுமார் 10 கிலோகலோரி கீழே. 220 டிகிரியில் அந்த 10 கிலோகலோரி, மாறிலியை 20,000 மடங்குக்கு மேல் கூட்டும், வளைய இறுக்கத்தின் நஷ்டம் அதற்கு முன்னால் நிற்காது. ஈனால் கீட்டோனானபின் பின்னோக்கிப் போக வேண்டிய 1,5-டையீன் அங்கே இல்லை என்பதால் வினை ஒருவழிப் பாதையாகிறது. மெத்திலும் பீனைலும் தருவது சமநிலையில் ஒரு சாய்வு, இதுவோ கதவைச் சாத்திவிடுகிறது. மற்ற எதைவிடவும் நான் இதை விரும்பக் காரணம் இதுதான், வேகம்கூட இரண்டாம் பட்சம்.

வேகத்திலும் ஒரு வழி இருக்கிறது. ஹைட்ராக்சிலை அப்படியே சூடேற்றுவது 1964-ல் பெர்சனும் ஜோன்ஸும் காட்டிய பழைய வழி. அதில் ஒரு போட்டி வினை உண்டு: ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் எதிர் இரட்டைப் பிணைப்புக்குத் தாவி, நடுப்பிணைப்பு உடைந்து மூலக்கூறு துண்டாகும். 1,5-ஹெக்சாடையீன்-3-ஆலில் விரும்பியது 5-ஹெக்செனல், துண்டாகினால் அக்ரோலீனும் புரோப்பீனும். வளையச் சேர்மத்தில் துண்டுகள் பிரிந்து ஓடாது, வளையம் திறந்த ஒரு கார்போனைல் சேர்மமாக அதே எடையில் கலந்து கிடக்கும், எனவே நிறை நிறமாலையை மட்டும் நம்பக் கூடாது. 1975-ல் எவான்ஸும் கோலோப்பும் ஹைட்ராக்சிலைப் பொட்டாசியம் ஆல்காக்சைடாக்கினார்கள். வேகம் 10^10 முதல் 10^17 மடங்கு கூடியது. எதிர்மின்சுமை பக்கத்திலுள்ள பிணைப்பைத் தளர்த்துவதே காரணம், அறை வெப்பம் அல்லது கொஞ்சம் மேலே போதும், தாவுவதற்கு ஹைட்ரஜனும் இல்லை. சமநிலையும் நன்றாகவே இருக்கிறது, ஏனென்றால் ஒரே ஆக்சிஜனில் இருந்த சுமை ஈனோலேட்டில் ஆக்சிஜனுக்கும் கார்பனுக்கும் பரவுகிறது.

நடைமுறையில் கவனம் பொட்டாசியத்திலும் ஈரத்திலும் இருக்கட்டும். பொட்டாசியம் ஹைட்ரைடின் எண்ணெயை மந்த வாயுவில் உலர்ந்த ஹெக்சேனால் கழுவி, உலர் டெட்ராஹைட்ரோஃபியூரானில் எடுத்து, ஆல்கஹாலைத் துளித்துளியாக விடுங்கள், ஹைட்ரஜன் குமிழ்கள் நின்றபின் 18-கிரௌன்-6 சேர்த்தால் பொட்டாசியம் அயனி ஆக்சிஜனை விட்டு விலகும், வேகம் இன்னும் ஏறும். சோடியம் மெதுவாக ஓடும், லித்தியத்தில் ஆக்சிஜனை இறுக்கப் பிடித்துக்கொள்வதால் ஏறக்குறைய நின்றுவிடும். முடித்த பிறகு குளிரவைத்து அமோனியம் குளோரைடு கரைசலில் நிறுத்துவது நல்லது, வலிய அமிலம் வேண்டாம், பத்துக் கார்பன் கீட்டோனில் எதிர்ப்புற இரட்டைப் பிணைப்பு கார்போனைலோடு சேர்ந்து இரட்டை வளையமாக மூடிக்கொள்ளக்கூடும்.

எப்போது முடிந்தது என்று தெரிய, புரோட்டான் நிறமாலையில் வினைல் முனையின் 5.0, 5.8 பகுதிகள் மறைந்து 5.4 அருகே உள் இரட்டைப் பிணைப்பு மட்டும் மிஞ்ச வேண்டும். அகச்சிவப்பில் 910, 990 பட்டைகள் போய் 970-க்குப் பக்கத்தில் ட்ரான்ஸ் பட்டையும் 1700-ல் கார்போனைலும் வந்தால் சரி. ஹைட்ராக்சில் இல்லாத டையீன்களில் இது போதாது, அங்கே இரண்டு வெவ்வேறு நேரங்களில் விகிதம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் விளைபொருளையே எடுத்து அதே சூட்டில் வைத்துப் பின்பக்கத்திலிருந்தும் அதே விகிதம் வருகிறதா என்று சோதியுங்கள், வந்தால்தான் அது சமநிலை, இல்லையென்றால் பாதி வழியில் நின்ற வினை.

கார்போனைல் வேண்டாத மூலக்கூறுக்கு ஹைட்ராக்சில் வழி சுமைதான், வந்த கீட்டோனை அப்புறம் நீக்க வேண்டும். எட்டுக் கார்பன் வளைய ஹைட்ரோகார்பன் வேண்டுமென்றால் சைக்ளோபியூட்டேன் வழியையே எடுங்கள். பத்து வேண்டும், அதுவும் கீட்டோனோடு வேண்டும் என்றால் பொட்டாசியம் ஆல்காக்சைடைத் தவிர வேறு எதையும் நான் இனி யோசிக்கப் போவதில்லை.