அவசர வேலையை மறுத்தும் ஏமாந்தேன்: கால அட்டவணை அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்

மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு என்று தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவசர வேலைக்கு முடியாது என்று சொல்லிவிட்டாலே தப்பித்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். மறுத்த பிறகுதான் மாட்டினேன்.

ஒரு இயந்திரத்தின் பயன்பாட்டுக் கையேடு, மொத்தம் 24,000 சொற்கள். ஏழு நாளில் தமிழில் வேண்டும் என்றார் வாடிக்கையாளர். நான் ஒரு நாளைக்குக் கவனமாகச் செய்யக்கூடியது 2,000 சொற்கள், ஆக மொழிபெயர்ப்புக்கு மட்டும் 12 வேலை நாள். இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க 4 நாள், அவர் குறித்ததை நான் திருத்த ஒரு நாள், பக்கம் அமைத்த பின் கடைசியாகப் பார்க்க ஒரு நாள். 18 வேலை நாளுக்குக் குறைந்தால் சரிபார்ப்பைத்தான் விட வேண்டியிருக்கும். பாதுகாப்பு எச்சரிக்கைகள் உள்ள கையேட்டில் அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

"நாலு பேருக்குப் பிரித்துக் கொடுங்களேன்" என்றார். அதையும் மறுத்தேன். ஒருவர் ‘வால்வு’ என்று எழுதுவார், அடுத்தவர் ‘அடைப்பிதழ்’ என்பார். இரண்டும் ஒரே பாகம்தான் என்று இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? அதை ஒன்றாக்கிச் சீர்செய்வதற்குள் மிச்சப்பட்ட நாளும் போய்விடும்.

வெறுமனே மறுக்காமல் ஒன்று கேட்டேன்: "ஏழாம் நாள் உங்களுக்கு உண்மையில் எது தேவை?" இயந்திரத்தைப் பொருத்தப் போகிறவர்களுக்குப் பாதுகாப்பு அத்தியாயமும் நிறுவும் முறையும் போதுமாம். அது 5,000 சொற்கள்தான். சரிபார்ப்பும் சேர்த்து நான்கே வேலை நாளில் தரலாம். இதே கேள்வியை நீங்களும் கேளுங்கள், பல சமயம் அவசரம் முழு வேலைக்கும் இருக்காது.

1ஆம் தேதி திங்கட்கிழமை தொடக்கம். "முதல் பகுதி 4ஆம் தேதி, முழுவதும் 24ஆம் தேதிக்குள் தருகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பினேன். நான் செய்த தவறு இந்த ஒரு வரிதான். அவர் பதில் எழுதவில்லை. தொலைபேசியில் "சரி, ஆரம்பியுங்கள்" என்றார்.

முதல் பகுதியைச் சொன்னபடி 4ஆம் தேதி கொடுத்தேன். மீதிப் பகுதியின் மூலக் கோப்பு அவர்களிடமிருந்து அன்றே வந்திருக்க வேண்டும். "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, ஒரே ஒரு ஒப்புதல் பாக்கி" என்று சொல்லிச் சொல்லி, 10ஆம் தேதி மாலைதான் அனுப்பினார்கள். நான்கு வேலை நாள் போயிற்று. 17ஆம் தேதி "சின்னத் திருத்தம்" என்று புதிய கோப்பு வந்தது. எது மாறியது என்று குறிக்கவில்லை. இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 3,000 சொற்கள் மாறியிருந்தன. அதற்கும் சரிபார்ப்போடு இரண்டு நாள். நாள் தள்ளிப்போகும் என்று தொலைபேசியில் சொன்னேன், "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்றார்கள்.

ஆறு வேலை நாள் தள்ளிக் கொடுத்தேன். தாமதம் என்று காரணம் காட்டிக் கூலியில் கால் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஆதாரம் என் மின்னஞ்சலேதான்: 24ஆம் தேதிக்குள் முழுவதும். அவர்கள் கோப்பு தாமதமானதைப் பற்றி அந்த வரியில் எதுவும் இல்லை, நான் தொலைபேசியில் சொன்னதற்குப் பதிவும் இல்லை. பல மாதம் கேட்டும் அந்தப் பணம் வரவில்லை.

இந்த மாதிரி ஆட்களை முன்கூட்டியே அடையாளம் காணலாம். நம்மை அவசரப்படுத்துவார்கள், ஆனால் கோப்பு அவர்களிடமே தயாராக இருக்காது. எழுத்தில் ஒப்புதல் கேட்டால் பேச்சில் தருவார்கள்.

இப்போது நான் தேதியே எழுதுவதில்லை. இப்படி எழுதுகிறேன்:

"நீங்கள் கேட்ட ஏழு நாளில் முழு வேலையையும் சரிபார்த்துத் தர இயலாது. முதல் பகுதியின் இறுதிக் கோப்பு கிடைத்த மறுநாளிலிருந்து 4 வேலை நாளில் அதைத் தருகிறேன். மீதிப் பகுதியை, அதன் இறுதிக் கோப்பு கிடைத்த மறுநாளிலிருந்து 14 வேலை நாளில் தருகிறேன். கோப்பு வந்த பிறகு மூலம் மாறினால், மாறிய சொற்களுக்குத் தனிக் கூலியும் கூடுதல் நாளும் கணக்கிட்டு எழுதுவேன். இந்த மின்னஞ்சலுக்குச் சம்மதம் என்று பதில் வந்ததும் தொடங்குகிறேன்."

கோப்பு வந்த அன்றே, "இன்று கிடைத்தது, எனவே முடிவு நாள் இது" என்று ஒரு வரி அனுப்பிவிடுகிறேன். தேதி எழுதுவது அப்போதுதான்.

அண்மையில் வேறொரு வாடிக்கையாளரின் கோப்பு மூன்று நாள் தாமதமாக வந்தது. அந்த ஒரு வரியை அனுப்பினேன். "சரி, புதிய தேதியைக் குறித்துக்கொண்டோம்" என்று எழுதினார்கள், முழுக் கூலியும் வந்தது.