தலையணை அடைத்த துவாரத்துக்கு 3,400 வெள்ளி கேட்டார்கள்

ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பள்ளி விடுமுறையில் சாமான் ஏற்றிக்கொண்டு மலேசியா போய் வருபவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று என் முட்டாள்தனம். இன்னொன்று ஒரு ஒர்க்‌ஷாப் அந்த முட்டாள்தனத்தை வைத்துக் காசு பார்க்கப் பார்த்தது. ஒர்க்‌ஷாப்பின் பெயர் வேண்டாம். சொல்ல வந்தது பெயர் இல்லாமலே புரியும்.

கிள்ளானில் மச்சினர் வீட்டுப் புதுமனை புகுவிழா. திரும்பும்போது காரில் நான், மனைவி, மாமியார். டிக்கி முழுக்கப் பெட்டிகள். அதில் அடங்காதது பின் சீட்டுக்கு வந்தது: முறுக்கு டின் இரண்டு, போர்வையில் சுற்றிய குத்துவிளக்கு, மாமியாருடைய இரண்டு தலையணை. மாமியார் ஒரு பக்கம் உட்கார்ந்தார். மறுபக்கம் இதெல்லாம் கதவு வரை அடுக்கியிருந்தது. அந்தக் கதவோரத்தில், சீட்டின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வலைத்தட்டி உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதை ஏதோ ஸ்பீக்கர் என்றே நினைத்திருந்தேன்.

அது ஸ்பீக்கர் இல்லை, பேட்டரியின் மூக்கு. என் கார் பத்து வருடம் தாண்டிய ஜப்பானிய ஹைப்ரிட். பெரிய பேட்டரி பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் எதுவும் கிடையாது. ஒரு சின்ன மின்விசிறி, காருக்குள் நாம் உட்கார்ந்திருக்கும் ஏர்கான் காற்றையே அந்த வலைத்தட்டி வழியாக இழுத்து பேட்டரி மேல் விடுகிறது. அதனால் நமக்குக் குளிர்ந்தால்தான் பேட்டரிக்கும் குளிரும். வலைத்தட்டியை மூடினால் நாம் குளிரில் நடுங்கினாலும் பேட்டரி வேகும்.

மச்சாப் ஓய்விடத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது பின்னாலிருந்து ஹேர் டிரையர் போல ஒரு சத்தம். “ஏர்கான் கொஞ்சம் சத்தம் போடுது மாப்பிள்ளை” என்றார் மாமியார். நானும் ஆமாம் போட்டேன். மூச்சு முட்டிய அந்த விசிறி முழு வேகத்தில் சுற்றிய சத்தம் அது. அங்கேயே தலையணையை எடுத்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

கடற்பாலத்தில் இரண்டு மணி நேரம் வரிசை. வெயில் நேரம். நின்று நின்று நகரும்போது ஏர்கானை ஓட்டுவதும் பேட்டரி, காரை அங்குலம் அங்குலமாக நகர்த்துவதும் பேட்டரி, தீர்ந்ததும் எஞ்சின் எழுந்து அதற்கே சார்ஜ் ஏற்றும். கொடுத்தாலும் வாங்கினாலும் சூடுதான். உட்லண்ட்ஸ் தாண்டி பிகேஇயில் ஏறியதும் காருக்குத் தெம்பே இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் அலறுகிறது, வேகம் ஏறவில்லை. மண்டாய் ஏற்றத்தில் 60ஐத் தாண்டவே திணறியது. பிறகு டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம், கூடவே “CHECK HYBRID SYSTEM”. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது. அவசர விளக்கைப் போட்டு ஓரத்தடத்துக்கு ஒதுங்கினேன்.

இந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, விரைவுச்சாலைக்கு வெளியே உள்ள கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துவிட்டது. அங்கே சாமான்களையெல்லாம் இறக்கி டாக்சியில் ஏற்றி மனைவியையும் மாமியாரையும் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் காரை எடுத்துப் பார்த்தால், முக்கோணம் எரிந்தபடியே இருக்கிறது, ஓட்டம் மட்டும் பழையபடி சுகமாக இருக்கிறது. சாமான் இறங்கியது, கார் சரியானது. துப்பு கண் முன்னால் கிடந்தது, நான்தான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒரு ஒர்க்‌ஷாப். ஸ்கேனரைச் செருகினார்கள், ஒரு தாளை நீட்டினார்கள், பத்து நிமிடத்தில் தீர்ப்பு: “பேட்டரி போச்சு. பழுது பார்த்த பேட்டரி 3,400 வெள்ளி, ஒரு வருட உத்தரவாதம்.” நான் தயங்கியதும் கவுண்டரில் இருந்தவர் அடுத்த அம்பை விட்டார். “சிஓஇ இன்னும் எவ்வளவு இருக்கு? இரண்டு வருஷமா? அப்போ ஸ்கிராப் பண்ணிடலாம், நாங்களே எடுத்துக்குறோம்.” ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த சிஓஇ அது, மறுபடி நீட்டிக்க முடியாது. அந்த மாதிரிக் காரின் சொந்தக்காரனுக்கு எங்கே வலிக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சோதனைக்கு 120 வெள்ளி, முன்பணம் 500 வெள்ளி கட்டிவிட்டு வந்தேன். எந்தச் சூழ்நிலையில் கார் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தபோதும் காது கொடுக்கவில்லை.

இரவு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த குறியீடு P0A7E. இணையத்தில் தேடினால், ஹைப்ரிட் பேட்டரியின் வெப்பம் அளவு மீறியது என்று பொருள். பேட்டரியை மாற்று என்று சொல்லும் குறியீடு வேறு, அது P0A80. அந்த எண் என் தாளில் எங்கேயும் இல்லை. காய்ச்சல் என்று எழுதிய சீட்டைக் காட்டி, சிறுநீரகத்தை மாற்ற வேண்டும் என்று சொன்ன மாதிரி.

காலையில் போய் வேலையை நிறுத்தச் சொல்லி, காரை வெளியே எடுத்தேன். நண்பர் ஒருவர் சொன்ன மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் தம்பி. முதலில் கேட்டதே, “அண்ணே, அழிச்சிட்டாங்களா, இல்ல அப்படியே இருக்கா?” என்றுதான். பிழை விழும் நொடியில் கார் தன் நிலவரத்தைப் படம் பிடித்த மாதிரிச் சேமித்து வைக்குமாம். குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும். என் அதிர்ஷ்டம், முதல் இடத்தில் சோம்பேறித்தனமாக அழிக்காமல் விட்டிருந்தார்கள்.

அந்தப் பதிவில் பேட்டரிக்குள் மூன்று இடத்து வெப்பம் இருந்தது: 56, 59, 57 டிகிரி. நடுவில்தான் அதிகம். “நடுவுல இருக்கறது எப்பவும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். இதைப் பாருங்க,” என்று இன்னொரு எண்ணைக் காட்டினார். பேட்டரிக்குள் நுழையும் காற்றின் வெப்பம், 46 டிகிரி. “ஏர்கான் போட்டிருந்தீங்களா?” போட்டிருந்தோம், மாமியார் சால்வை போர்த்திக்கொண்டு வந்தார். “அப்போ இங்க 25, 26 இருக்கணும். காத்தே உள்ள வரல. அந்த ஓரத்துல என்ன வச்சிருந்தீங்க?”

தலையணையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

ஆனால் சிரிப்போடு விட்டுவிடவில்லை. மடிக்கணினியை இணைத்து என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கார் பேட்டரியை 14 தொகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றின் வோல்ட்டையும் கணினி பார்க்கிறது. நன்றாக மிதித்து ஓட்டும்போது ஒரு தொகுதி மட்டும் மற்றதைவிட ஒரு வோல்ட்டுக்கும் அதிகமாகக் கீழிறங்கினால் அந்தத் தொகுதி போய்விட்டது என்று அர்த்தம். என்னுடையதில் மிகப் பெரிய வித்தியாசமே 0.3 வோல்ட்தான். முதல் ஒர்க்‌ஷாப் இந்தச் சோதனையைச் செய்யவே இல்லை. கார் அவர்களிடமிருந்து ஒரு அடிகூட நகரவில்லை.

பிறகு பின் சீட்டின் ஓரத்தைக் கழற்றி விசிறியை வெளியே எடுத்தார். இறக்கைகளுக்கு இடையில் தூசும் தலைமுடியும் சாம்பல் நிறக் கம்பளி போலப் படிந்திருந்தன. அதாவது என் விசிறி ஏற்கெனவே பாதி மூச்சில்தான் இருந்திருக்கிறது, தலையணை மீதிப் பாதியை அடைத்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இறக்கை இறக்கையாகச் சுத்தம் செய்து மாட்டினார். எல்லாம் சேர்த்து 130 வெள்ளி. இதை வீட்டில் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே ஓடும் ஆரஞ்சு நிறக் கம்பிகளைக் காட்டி, “இதுல 200 வோல்ட்டுக்கு மேல. வேணாம்ணே,” என்றார். வெளியே இருக்கும் வலைத்தட்டியை வாக்குவம் வைத்து இழுப்பதோடு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பேட்டரி இளமையாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. வயதான பேட்டரி சீக்கிரம் சூடாகும், இப்படி இரண்டு மூன்று தடவை வெந்தால் நிஜமாகவே ஒரு தொகுதி போகும் என்றார். கார் தெம்பிழந்ததும் அதைத் தடுக்கத்தான். வெப்பம் ஏறியதும் கணினி பேட்டரியிலிருந்து எடுப்பதையும் அதற்குக் கொடுப்பதையும் குறைத்துவிடுகிறது. மின் மோட்டாரின் துணை போனதும், சின்ன எஞ்சின் மூன்று பேரையும் குத்துவிளக்கையும் தனியாக இழுக்க வேண்டியதாகிவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்தது. 30 வெள்ளிக்கு ஒரு ஓபிடி கருவி வாங்கிச் செருகி, கைப்பேசியில் வெப்பத்தைப் பார்த்தபடி மனைவியை ஓட்டச் சொன்னேன். துவாரம் திறந்திருந்தபோது முக்கால் மணி நேரம் ஓட்டியும் 38ஐத் தாண்டவில்லை. ஒரு துண்டை மடித்து வலைத்தட்டியில் பாதியை மூடினேன். 25 நிமிடத்தில் 44. போதும் என்று எடுத்துவிட்டேன். நீங்கள் இந்த விளையாட்டை விளையாட வேண்டாம்.

எல்லாக் கார்களுக்கும் துவாரம் ஒரே இடத்தில் இருக்காது. சிலவற்றில் பின் சீட்டுக்கு அடியில் கால் படும் இடத்தில் இருக்கும், அங்கே செருப்பும் பிளாஸ்டிக் பையும் போய் அடைக்கும். சிலவற்றில் டிக்கியின் பக்கச் சுவரில். கையேட்டில் படத்தோடு போட்டிருக்கிறார்கள், அடைக்காதே என்ற எச்சரிக்கையோடு. என் கையேடு இத்தனை வருடம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது, அது வேறு கதை.

முன்பணம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பேட்டரிக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது, திருப்பித் தர முடியாது என்றார்கள். ஆர்டர் போட்ட சீட்டைக் கேட்டேன், காட்டவில்லை. ரசீதில் திருப்பித் தரப்படாது என்று ஒரு வரியும் இல்லை. P0A7E தாளின் படத்தையும் இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த அளவுகளையும் அனுப்பி, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகிறேன் என்று எழுதினேன். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமலே இரண்டு வருடத்துக்குள் தொடுக்கலாம். மூன்றாவது நாள் 350 வெள்ளி என் கணக்குக்கு வந்தது. மீதி 150 கையாளும் கட்டணமாம். எதைக் கையாண்டார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.