ஒரே கட்டி, ஒரே கார்டிசால் எண்: ஒருவருக்கு ஆபரேஷன், இன்னொருவருக்கு ஏன் வேண்டாம்?

சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சி.டி. ஸ்கேன். கல் 5 மி.மீ. இருக்கிறது, தானாக வெளியேறிவிடும். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில், இடது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் 2.8 செ.மீ. கட்டி என்று எழுதியிருக்கிறது. ‘கட்டி’ என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டில் தூக்கம் போய்விடும்.

பலரும் முதலில் பார்ப்பது அளவை. ஆனால் அதைவிட அதிகம் சொல்லக்கூடிய எண் ஒன்று உண்டு: ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட், அதாவது சி.டி.யில் தெரியும் அடர்த்தி. தண்ணீருக்கு இது பூஜ்யம், கொழுப்புக்கு மைனஸ் 100-ஐ ஒட்டி வரும். அட்ரீனல் அடினோமா என்ற சாதாரணக் கட்டிக்குள் பெரும்பாலும் கொழுப்பு நிறைந்திருப்பதால் அடர்த்தி குறைவாக இருக்கும். மருந்து ஏற்றாத ஸ்கேனில் கட்டி முழுக்க ஒரே சீராக, 10 அல்லது அதற்குக் கீழ் காட்டினால் அது புற்றுநோய் அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல்படி, அப்படிப்பட்ட கட்டிக்கு மறு ஸ்கேனே தேவையில்லை.

‘மருந்து ஏற்றாத’ என்பதை அடிக்கோடிட வேண்டும். கான்ட்ராஸ்ட் ஏற்றியபின் அதே கட்டி 60, 70 என்று காட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பயப்படவும் கூடாது, முடிவு எடுக்கவும் கூடாது. கையில் கான்ட்ராஸ்ட் ஸ்கேன் மட்டும் இருந்தால், அட்ரீனல் பகுதிக்கு மட்டும் சாதாரண சி.டி. ஒன்று எடுத்தால் போதும். 20-க்கு மேல் இருந்து, 4 செ.மீ.யை எட்டிய கட்டி என்றால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் ஆபரேஷன் பக்கமே பேச்சு போகும். அட்ரினலின் வகை ஹார்மோன் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியா என்று மெட்டாநெஃப்ரின் பரிசோதனையில் பார்க்காமல் அந்தக் கட்டியில் ஊசி குத்தவோ கத்தி வைக்கவோ கூடாது. அது ஃபியோவாக இருந்தால், தொட்டவுடன் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக எகிறலாம்.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது பயமுறுத்தாத ரகம்: அடர்த்தி 6, அளவு 2.8 செ.மீ. புற்றுநோய் கேள்வி முடிந்தது. இந்த அடர்த்திக்கு மெட்டாநெஃப்ரினும் தேவைப்படாது. கட்டி ஹார்மோன் சுரக்கிறதா என்பதுதான் மிச்சம். பி.பி. இருப்பவர்களுக்கு ஆல்டோஸ்டிரோன்-ரெனின் விகிதம் பார்க்க வேண்டும். ஆனால் அதிகம் மாட்டுவது, அட்ரீனல் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசால்.

அதற்கான பரிசோதனை எளியது. இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 1 மி.கி.; கடையில் 0.5 மி.கி. மாத்திரை கிடைத்தால் இரண்டு. மறுநாள் காலை 8 முதல் 9 மணிக்குள் ரத்தம் எடுத்து கார்டிசால் பார்க்க வேண்டும். அட்ரீனலுக்கு உத்தரவு போடும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியை மாத்திரை அடக்குவதால் கார்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்குக் (50 நானோமோல்) கீழே இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் கட்டி தன்னிச்சையாகச் சுரக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இந்தப் பரிசோதனை தவறாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் லேப் அல்ல, மாத்திரைதான். இரண்டுக்குப் பதில் ஒன்று போட்டிருப்பார்கள். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபின், டி.பி.க்கான ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் டெக்ஸாமெத்தசோனை வேகமாகக் கரைத்துவிடும். காலையில் அடக்க ஆளிருக்காது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டி எண்ணை ஏற்றிக் காட்டும். இரவு வேலை பார்ப்பவருக்கு உடம்பின் நேரக்கணக்கே வேறு. ஆகவே ஒரு முறை உயர்ந்தால் மறுபடி செய்து, கூடவே பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு ஹார்மோனான ஏ.சி.டி.எச். அளவையும் பார்ப்பது நல்லது. அது தாழ்ந்திருந்தால் சுரப்பது அட்ரீனல்தான் என்று உறுதியாகும்.

இப்போது இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் அதே 2.8 செ.மீ., அதே 6. காலைக் கார்டிசால் இருவருக்கும் 3.6, ஏ.சி.டி.எச். இருவருக்கும் 5-க்குக் கீழ், ஆல்டோஸ்டிரோன் விகிதம் சரி. நிலா முகமோ வயிற்றில் ஊதா வரிகளோ இருவருக்கும் இல்லை. இந்த நிலைக்குப் பெயர், மிதமான தன்னிச்சைக் கார்டிசால் சுரப்பு.

முதலாமவருக்கு வயது 52. பி.பி.க்கு மூன்று மாத்திரை போட்டும் 150-ல் நிற்கிறது. சர்க்கரைக்கு இரண்டு மருந்து எடுத்தும் HbA1c 8.4. அதே சி.டி. படத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது. அவர் அதை வெறும் இடுப்பு வலி என்று நினைத்திருந்தார். இப்படித் திருப்பிப் பார்க்கத் தனிச் செலவு இல்லை. ஆனாலும் பலர் பார்ப்பதில்லை.

இரண்டாமவருக்கு 74. இதயத்தில் ஸ்டென்ட் உண்டு. ஒரே மாத்திரையில் பி.பி. 128/76. சர்க்கரை இல்லை, எலும்பு சரி, தனியாக வசிக்கிறார்.

முதலாமவருக்கு எடுப்பதே சரி என்பது எங்கள் கருத்து. கார்டிசால் செய்யக்கூடிய கேடு மூன்றும் அவரிடம் இருக்கிறது, வயதும் இடம் கொடுக்கிறது. சிறிய சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பி.பி. மேம்பட்டவர்கள் அதிகம். சர்க்கரையில் பலன் அவ்வளவு நிச்சயமில்லை. மாரடைப்பு குறையும் என்று நிரூபிக்கும் அளவுக்குப் பெரிய ஆய்வு இல்லை. ‘எடுத்தால் எல்லா மாத்திரையும் நின்றுவிடும்’ என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

லேப்ராஸ்கோபியில் மூன்று நான்கு சிறு துளைகள், சில நாள் ஆஸ்பத்திரி வாசம். உண்மையான விலை அதற்குப் பிறகு வருகிறது. ஒரு பக்கக் கட்டி வருஷக்கணக்கில் சுரந்ததால் மறுபக்கச் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். இந்த ரக நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, எடுத்தபின் கார்டிசால் போதாமல் போகிறது. அதனால் ஆபரேஷன் சமயத்திலேயே கார்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்டிசோன் கொடுத்து, பிறகு நாளுக்கு 20 மி.கி. அளவில் (காலை எழுந்ததும் 10, மதியம் 5, மாலை 4 மணிக்கு 5) தொடர்வார்கள். சில மாதம் கழித்து, 24 மணி நேரம் மாத்திரையை நிறுத்தி, காலைக் கார்டிசால் பார்ப்பார்கள். 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் சுரப்பி விழித்துவிட்டது என்று நிறுத்தலாம். 5-க்குக் கீழ் என்றால் இன்னும் காத்திருக்க வேண்டும். இடையில் காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மி.கி. ஊசிக்கு உடனே ஓட வேண்டும். ‘கட்டிதான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு ஸ்டீராய்டு?’ என்று வீட்டிலேயே நிறுத்துபவர்கள் தலைசுற்றி, பி.பி. விழுந்து, அவசரப் பிரிவுக்கு வருவார்கள்.

இரண்டாமவருக்கு ஆபரேஷனுக்குப் பிந்தைய அந்தச் சில மாத அபாயம், தனியாக இருப்பவர் என்பதால் இன்னும் கூடுதல். அதற்கு ஈடாக அவருக்குக் கிடைக்கப்போவது பெரிதாக எதுவும் இல்லை: பி.பி. ஏற்கெனவே கையில் இருக்கிறது. கவனித்து வருவதே நல்லது. இந்தச் சுரப்பு, நிலா முகமும் ஊதா வரிகளுமாக வரும் முழுமையான குஷிங் சிண்ட்ரோமாக முற்றுவது மிக அரிது. நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை.

‘கவனிப்பது’ என்றால் ஆண்டுதோறும் கட்டியை ஸ்கேன் செய்வது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். கவனிக்க வேண்டியது மனிதரை. வருடத்துக்கு ஒரு முறை பி.பி., HbA1c, எடை, அவ்வப்போது எலும்பு அடர்த்தி. ஒரு மாத்திரை மூன்றாகிவிட்டதா, சர்க்கரை புதிதாக வந்ததா, லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்ததா? இவற்றில் ஒன்று நடந்தால் டெக்ஸாமெத்தசோன் பரிசோதனையை மறுபடி செய்து, எடுப்பதைப் பற்றி அன்றைக்கு மீண்டும் பேசலாம்.